பெயர் கடைசியில் வரட்டும்

2007 ஜனவரி 9. சான்ஃபிரான்சிஸ்கோ மாஸ்கோனி மையத்தின் மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஏறக்குறைய அரை மணி நேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். மேக் கணினி, ஐட்யூன்ஸ் விற்பனை, ஆப்பிள் டிவி என்று வழக்கமான செய்திகள் முடிந்தன. பிறகு பேச்சின் வேகம் குறைகிறது. இந்த நாளுக்காக இரண்டரை வருடமாகக் காத்திருந்தேன் என்கிறார். எப்போதாவது ஒருமுறைதான் எல்லாவற்றையும் மாற்றிப்போடும் ஒரு பொருள் வரும் என்கிறார். 1984-ல் வந்த மெக்கின்டாஷையும் 2001-ல் வந்த ஐபாடையும் நினைவுபடுத்துகிறார். அந்த வரிசையில் வைக்கத்தக்க மூன்று பொருள்களை இன்று அறிமுகம் செய்யப்போவதாகச் சொல்கிறார்.

முதலாவது, விரலால் தொட்டு இயக்கும் அகலத்திரை ஐபாட். கைதட்டல். இரண்டாவது, புரட்சிகரமான கைப்பேசி. அரங்கம் அதிர்கிறது. மூன்றாவது, இணையத் தொடர்புக்கான புதுமையான கருவி. இதற்குக் கைதட்டல் கொஞ்சம் இறங்கித்தான் வருகிறது.

அடுத்து அவர் செய்ததைத்தான் மேடைக்கு எழுதுகிற ஒவ்வொருவரும் வார்த்தை வார்த்தையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்றையும் ஒருமுறை தொகுத்துச் சொன்ன கையோடு, புதிதாக எதுவும் சொல்லாமல் அதே பட்டியலை மறுபடி சொல்கிறார். இந்த முறை அடைமொழிகள் இல்லை. அகலத்திரை, புரட்சி, புதுமை எல்லாம் கழன்றுவிட்டன. ஒரு ஐபாட், ஒரு போன், ஓர் இணையக் கருவி, அவ்வளவுதான். அவருக்குப் பின்னால் திரையில் மூன்று சின்னங்களும் சுழல்கின்றன. மூன்றாவது முறையும் தொடங்குகிறார். ஒரு ஐபாட், ஒரு போன்... அங்கேயே நிறுத்திவிட்டுக் கூட்டத்தைப் பார்த்து, "புரிகிறதா?" என்று கேட்கிறார்.

பட்டியலை அவர் முடிக்கவே இல்லை. மூன்றாவது பொருளைக் கூட்டம் தன் மனதுக்குள் சொல்லி முடித்துக்கொண்டது. அதைச் சொன்ன கணத்திலேயே விஷயமும் பிடிபட்டுவிட்டது. இவை மூன்று கருவிகள் அல்ல, ஒன்றுதான் என்று அவர் வாய்திறந்து சொல்வதற்கு முன்பே அரங்கத்தில் ஆரவாரம் கிளம்பிவிட்டது. அதன் பிறகுதான் பெயர் வருகிறது: ஐபோன்.

அந்தப் பதிவை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஜாப்ஸின் ஆளுமை, கறுப்புச் சட்டை, பெரிய திரை என்றுதான் இதைப் பற்றி வழக்கமாகப் பேசுகிறார்கள். என் கண் போவது எழுத்தின் மீது. முதல் முறை நீளமான பட்டியல், இரண்டாம் முறை குறுகியது, மூன்றாம் முறை பாதியில் அறுந்தது. இந்த மூன்று வரிகளையும் அப்படியே எடுத்து வேறொருவரிடம் கொடுத்தாலும் முக்கால் பங்கு வேலையை அவையே செய்துவிடும்.

தெரிந்த ரகசியத்தை என்ன செய்வது?

ஆப்பிள் ஒரு கைப்பேசி செய்கிறது என்பது அன்று அரங்கில் இருந்தவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. பல மாதங்களாகப் பத்திரிகைகள் அதைத்தான் ஊகித்துக்கொண்டிருந்தன. ஐபோன் என்ற பெயரும் அடிபட்டுக்கொண்டிருந்தது. ஊருக்கே தெரிந்த ஒன்றை எப்படித் திறந்து காட்டுவது? சாதாரணமாக எழுதுகிறவர் அந்தப் போனையே கடைசிவரை மறைத்து வைத்திருப்பார். கூட்டம் எதிர்பார்த்தது நடந்தேறியிருக்கும், அதற்கு மேல் ஒன்றும் இருந்திருக்காது.

இந்த எழுத்து, எதிர்பார்த்ததைப் பட்டியலின் நடுவிலேயே தூக்கிக் கொடுத்துவிட்டது. வந்தவர்கள் எதற்காக வந்தார்களோ அது கிடைத்துவிட்டது, நன்றாகக் கைதட்டியும் முடித்துவிட்டார்கள். இனி ரகசியம் எதுவும் மிச்சமில்லை என்று அவர்கள் நினைத்த இடத்தில்தான் உண்மையான ரகசியம் இருந்தது. இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு விடை கொடுத்தாயிற்று. ஒன்றா மூன்றா என்ற கேள்வியை யாரும் கேட்டிருக்கவே இல்லை. கூட்டம் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியும் நாம் கடைசியில் விடை சொல்லப்போகும் கேள்வியும் வேறுவேறாக இருக்க வேண்டும். எழுத உட்காரும்போது முதலில் தேட வேண்டியது இந்த இரண்டாவது கேள்வியைத்தான்.

மெக்கின்டாஷையும் ஐபாடையும் முன்னால் வைத்ததற்கும் காரணம் உண்டு. வெறுமனே "புரட்சி" என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு எடை கிடையாது. அந்த அரங்கில் இருந்த பலருக்கு இரண்டு பொருள்களையும் கையில் வைத்துப் பழக்கம் உண்டு. அவர்கள் அனுபவித்து அறிந்த இரண்டை நிறுத்தி, இது அந்த வரிசை என்றதும் தராசில் எடைக்கல் விழுந்துவிட்டது. முன்னோட்டத்தின் வேலை ஆவலைக் கூட்டுவது மட்டும் இல்லை. பின்னால் வரப்போவதை எதை வைத்து அளப்பது என்று கூட்டத்தின் கையில் அளவுகோல் கொடுப்பதும் அதன் வேலைதான்.

ஒரு வருடம் கழித்து, 2008 ஜனவரி 15 அன்று, ஜாப்ஸ் மேக்புக் ஏர் மடிக்கணினியை அறிமுகம் செய்தபோது இதே வேலை இன்னும் வெளிப்படையாக நடந்தது. முதலில் அப்போது மெல்லியது என்று பெயரெடுத்திருந்த சோனி டிஇசட் வகை மடிக்கணினியின் பக்கவாட்டுத் தோற்றம் திரையில் வந்தது. அதன் தடிமன் ஓரிடத்தில் 1.2 அங்குலம், மெல்லிய இடத்தில் 0.8 அங்குலம். அதன்மேல் ஏரின் வடிவத்தை வைத்தார்கள். தடித்த இடம் 0.76, மெல்லிய இடம் 0.16. அதாவது இதன் மிகத் தடித்த பகுதியே அதன் மிக மெல்லிய பகுதியைவிட மெல்லியது. அளவுகோல் கைக்கு வந்துவிட்டது. அதன் பிறகு அலுவலகங்களில் கைமாறிக்கொண்டே இருக்கும் சாதாரணப் பழுப்புக் காகித உறை ஒன்றை எடுத்துத் திறந்து, உள்ளேயிருந்து கணினியை வெளியே எடுத்தார். 0.76 என்ற எண்ணை இன்று யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. உறையை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த எண் முன்னால் வந்திராவிட்டால் உறை ஒரு வித்தையாக மட்டுமே நின்றிருக்கும்.

இடைவெளி மௌனம் அல்ல

"இங்கே ஒரு பாஸ் கொடுங்கள்" என்று ஸ்கிரிப்டில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பேசுகிறவர் நிறுத்துவார், கூட்டத்துக்கு ஏன் நிறுத்தினார் என்று தெரியாது. மைக் போய்விட்டதா, வசனம் மறந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். அந்த மௌனத்தில் அவர்கள் செய்வதற்கு எந்த வேலையும் இல்லை.

2007 மேடையில் உண்மையான இடைவெளி, இரண்டாவது மூன்றாவது முறை பட்டியல் சொல்லப்பட்ட நேரம்தான். அப்போது ஜாப்ஸ் பேசிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் புதிய தகவல் ஒன்றுகூட வரவில்லை. காதுக்கு வேலை இல்லாததால் மூளை தானாகக் கணக்குப் போடத் தொடங்கியது. ஆகவே இடைவெளி என்றால் புதிதாக எதுவும் வராத நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். அதை மௌனத்தால் நிரப்பலாம், திரும்பச் சொல்வதால் நிரப்பலாம், ஓர் உறையைத் திறக்கும் கைகளாலும் நிரப்பலாம். அந்த நேரத்துக்குள் கூட்டம் கண்டுபிடிக்க ஏதாவது இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

எவ்வளவு நேரம்? மூன்று நான்கு வினாடி போதும். ஆனால் மேடையில் நிற்பவருக்கு மூன்று வினாடி முப்பது வினாடியாகத் தெரியும். ஸ்கிரிப்டில் வினாடி எழுதினால் யாரும் எண்ணமாட்டார்கள். "இரண்டு முறை மூச்சு இழுத்து விடவும்" என்று எழுதினால் செய்வார்கள். நம் ஊர் மேடைகளில் இன்னொரு பழக்கம் இருக்கிறது. மௌனம் கூச்சமாக இருப்பதால் "அது வேறு எதுவும் இல்லை...", "அது என்னவென்றால்..." என்று தொகுப்பாளர் இட்டு நிரப்புவார். அந்த வார்த்தைகள் கூட்டத்தின் கையிலிருந்து கணக்கைப் பிடுங்கிவிடும். ஒத்திகையில் இதைக் கவனித்து வெட்டாவிட்டால் நிகழ்ச்சியன்று கட்டாயம் வந்து நிற்கும்.

இடைவெளி வேலை செய்ததா என்று கண்டுபிடிப்பது எளிது. கைதட்டல் எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். பெயரைச் சொன்ன பிறகு தொடங்கினால் அது மரியாதைக் கைதட்டல். பெயருக்கு அரை வினாடி முன்னால் தொடங்கினால் கூட்டம் தானே கண்டுபிடித்துவிட்டது.

தமிழில் எழுதும்போது வரும் சிக்கல்

ஆங்கிலத்தில் ஜாப்ஸின் வாக்கியம் "ஐபோன்" என்ற சொல்லில் முடிகிறது. அந்த மொழியின் அமைப்பு அப்படி. பெயர் கடைசியில் விழுகிறது, அதற்குமேல் ஒரு அசைகூட இல்லை, கைதட்டலுக்குக் கதவு திறந்துவிடுகிறது. இதையே நாம் தமிழில் எழுதினால் என்ன ஆகிறது? "இதற்கு ஐபோன் என்று பெயர் வைத்திருக்கிறோம்." ரகசியம் இரண்டாவது சொல்லிலேயே அவிழ்ந்துவிட்டது. அதன் பிறகு "என்று பெயர் வைத்திருக்கிறோம்" என்று வால் நீள்கிறது. கூட்டம் கைதட்டத் தொடங்க, பேசுகிறவர் வாக்கியத்தை முடிக்க, இரண்டும் முட்டிக்கொள்கின்றன. கைதட்டலும் பாதியில் அடங்கிவிடுகிறது. திரையை இயக்குகிறவருக்கும் குழப்பம். பெயர் காதில் விழுந்ததும் பட்டனை அழுத்துவதா, வாக்கியம் முடிந்த பின்பா?

நம் மேடைகளில் அறிமுகக் கணம் சப்பென்று போவதற்குப் பெரும்பாலும் இந்த வினைமுற்றுதான் காரணம் என்பேன். ஆங்கிலத்தில் எழுதிய ஸ்கிரிப்டை மொழிபெயர்த்துக் கையில் கொடுத்திருப்பார்கள். பேசுகிறவர் மீது பழி விழும். உண்மையில் பழி வாக்கியத்தின் மீது விழ வேண்டும்.

மருந்து தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது. வினை இல்லாமலேயே நம் மொழியில் முழு வாக்கியம் அமையும். "இவர் என் அண்ணன்", "அது மாமரம்" என்று நாள் முழுக்கப் பேசுகிறோம். இலக்கணத்தில் இதைப் பெயர்ப் பயனிலை என்பார்கள். "இதன் பெயர் ஐபோன்." வாக்கியமும் முழுமை, பெயரும் கடைசி. "இவை மூன்று கருவிகள் அல்ல. ஒரே கருவி. இதன் பெயர்..." என்று நிறுத்திவிட்டு ஒற்றைச் சொல்லை இறக்கலாம். அதற்குமேல் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

ரகசியம் ஒரு பெயராக இல்லாமல் ஒரு செயலாக இருந்தால் கதை தலைகீழ். அப்போது வினை கடைசியில் வரும் தமிழ் நமக்குப் பெரிய வரம். ஆங்கிலக்காரருக்குக் கிடைக்காத வசதி அது. யார், எங்கே, எப்போது, எதை என்று எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, என்ன நடந்தது என்பதை மட்டும் கடைசிச் சொல் வரை பிடித்து வைத்திருக்கலாம். அதனால் எழுதுவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டும்: நம் ரகசியம் பெயரா, வினையா? அதைப் பொறுத்து வாக்கியத்தின் வகை மாறும்.

திறந்துகாட்டும் வாக்கியம் வேறு, மறுநாள் ஊர் பேசும் வாக்கியம் வேறு. 2007-ல் ஐபோன் என்ற பெயர் வந்த உடனேயே இரண்டாவது வந்தது: இன்று ஆப்பிள் தொலைபேசியை மறுபடி கண்டுபிடிக்கப்போகிறது. அதே நாளில் ஆப்பிள் வெளியிட்ட பத்திரிகைச் செய்தியின் தலைப்பும் அதே சொற்களைத்தான் கொண்டிருந்தது. மேடையில் ஒன்று, நோட்டீஸில் ஒன்று, விளம்பரத்தில் இன்னொன்று என்று சிதறவில்லை. நிருபர் தலைப்பு யோசிக்க வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று.

2001 அக்டோபர் 23 அன்று முதல் ஐபாடுக்கு எழுதப்பட்ட வரி இதைவிட நல்லது என்பது என் கருத்து. பொருளின் தொழில்நுட்ப உண்மை 5 ஜிபி வன்தட்டு. அதை வாங்குகிறவருடைய கணக்குக்கு மாற்றினார்கள்: ஆயிரம் பாட்டு, உங்கள் பாக்கெட்டில். எண் ஒன்று, இடம் ஒன்று. இரண்டையும் யாரும் விளக்கத் தேவையில்லை. ஜாப்ஸ் அந்தக் கருவியைத் தன் ஜீன்ஸ் பாக்கெட்டிலிருந்தே எடுத்துக் காட்டினார். தமிழில் இதை எழுதும்போது "உங்கள் பாக்கெட்டில் ஆயிரம் பாட்டு" என்றும் எழுதலாம், "ஆயிரம் பாட்டு, உங்கள் பாக்கெட்டில்" என்றும் எழுதலாம். கடைக்குப் போகிற போஸ்டருக்கு முதலாவது சரி. மேடைக்கு இரண்டாவதுதான் வேண்டும். ஏனென்றால் கடைசிச் சொல் காதில் விழும்போது கை பாக்கெட்டுக்குள் போக வேண்டும்.

பின்னால் இருந்த பதற்றம்

அவ்வளவு இயல்பாகத் தெரிந்த அந்த 2007 மேடையில், ஜாப்ஸ் கையில் இருந்த ஐபோன் முழுதாக வேலை செய்யாத பொருள். அந்தக் குழுவில் ரேடியோ பிரிவைப் பார்த்துக்கொண்ட ஆண்டி கிரிக்னன் இதைப் பின்னாளில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். பாட்டோ படமோ கொஞ்சம் ஓட்டலாம், முழுதாக ஓட்டினால் செயலிழக்கும். மின்னஞ்சல் அனுப்பிவிட்டு இணையத்துக்குப் போனால் ஓடும், வரிசையை மாற்றினால் நின்றுவிடக்கூடும். ஐந்து நாள் ஒத்திகை பார்த்தும் அழைப்புகள் அறுந்துகொண்டிருந்தன.

அதனால் பொறியாளர்கள் "பொன்வழி" என்று ஒன்றை வகுத்தார்கள். எந்தச் செயலுக்குப் பின் எந்தச் செயல் வந்தால் கருவி தாங்கும் என்று பல முறை சோதித்துப் பிடித்த வரிசை அது. மேடையில் பல கருவிகள் வைக்கப்பட்டன. ஒன்றின் நினைவகம் நிரம்பினால் அடுத்ததுக்கு மாறிக்கொள்ளலாம். அலைவரிசை உண்மையில் எப்படி இருந்தாலும் திரையில் ஐந்து கோடு தெரியும்படி நிரலிலேயே எழுதி வைத்தார்கள். அந்த ஐந்து கோடு எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. செயல்களின் வரிசையைத் தேர்ந்துகொள்வது எழுத்தாளன் உரிமை, இல்லாததைக் காட்டுவது அப்படி அல்ல. விற்பனைக்கு ஜூன் 29 வரை நேரம் இருந்ததால் அவர்கள் தப்பினார்கள். மறுநாளே கடைக்கு வரும் பொருளுக்கு இதைச் செய்தால் வாங்கியவர் கேள்வி கேட்பார்.

ஆனால் வரிசை என்ற பாடத்தை எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். மேடையில் பொருளை இயக்கிக் காட்டும் பகுதியையும் வசனத்தைப் போலவே ஸ்கிரிப்டில் எழுத வேண்டும். எந்த பட்டன், எதற்குப் பின், நின்றுவிட்டால் என்ன பேசுவது. அன்றைய பேச்சின் பிற்பகுதியில் ஜாப்ஸின் கையிலிருந்த கிளிக்கர் உண்மையாகவே வேலை செய்யவில்லை. மாற்றும் வரை, தானும் நண்பர் வாஸ்னியாக்கும் இளம் வயதில் தொலைக்காட்சியைக் குழப்பும் சின்னக் கருவி செய்து மாணவர் விடுதியில் விளையாடிய கதையைச் சொன்னார். கூட்டம் சிரித்துக்கொண்டிருந்தபோது பழுது சரியாகிவிட்டது. பேசுகிறவர் ஒவ்வொருவரிடமும் இப்படி ஒரு நிமிடக் கதை ஒன்றைக் கேட்டு வாங்கி, ஸ்கிரிப்டின் கடைசித் தாளில் எழுதி வைப்பது நல்லது.

முன்னோட்டம் பொருளைவிடப் பெரிதாகிவிட்டால் காப்பாற்ற வழியே இல்லை. செக்வே என்ற இரண்டு சக்கர மின்வண்டி 2001 டிசம்பர் 3 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியின் காலை நிகழ்ச்சியில் திரை விலக்கிக் காட்டப்பட்டது. அதற்கு முன் ஏறக்குறைய ஒரு வருடம் அதன் பெயர்கூடத் தெரியாமல் நாடே ஊகித்துக்கொண்டிருந்தது. நகரங்களையே மாற்றியமைக்கும் என்றார்கள், விதவிதமான கற்பனைகள் கிளம்பின. திரை விலகியபோது நின்றது, ஒருவர் நின்றுகொண்டு ஓட்டும் ஸ்கூட்டர். தன்னளவில் அது அருமையான பொறியியல். ஆனால் கூட்டம் ஒரு வருடமாக வளர்த்து வைத்திருந்த கேள்விக்கு அது விடையாக இல்லை.

ஒரு கிரைண்டரை வைத்து எழுதிப் பார்ப்போம்

கோயம்புத்தூரில் ஒரு டேபிள் டாப் கிரைண்டர் அறிமுக விழா என்று வைத்துக்கொள்வோம். அரங்கில் இருநூறு டீலர்கள். புதிய கிரைண்டரின் சிறப்பு ஒன்றுதான்: சத்தம் மிகக் குறைவு. மோட்டார் திறன், கல், டிரம், உத்தரவாதம் எல்லாம் கையேட்டில் இருக்கட்டும்.

கூட்டம் கேட்டுக்கொண்டு வரும் கேள்வி "புது மாடல் எப்படி இருக்கும்?" என்பது. நாம் விடை சொல்ல வேண்டிய கேள்வி "அது இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது?" என்பதாக இருக்கட்டும். நம் ரகசியம் பெயர் அல்ல, வினை. ஆகவே தமிழின் இயல்பான வாக்கியமே போதும்.

மேடையின் ஒரு பக்கம் பழைய வகை கிரைண்டர் ஒன்று எல்லோருக்கும் தெரிகிறபடி. பேசுகிறவரின் பக்கத்தில் ஒரு மேஜை, அதன்மேல் துணி போட்ட ஒரு கூடு. துணி பொருளின் மேல் நேராகப் படக் கூடாது, காற்றும் போக வேண்டும், அதனால்தான் கூடு. உள்ளே புதிய கிரைண்டர் உளுந்து அரைத்துக்கொண்டிருக்கும். ஊறிய பருப்பு முழுசாக இருக்கும்போது கல்லில் கொஞ்சம் கடகடக்கும், மசிந்த பிறகு அடங்கிவிடும். எனவே கதவு திறப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். தண்ணீர் வற்றினால் மாவு இறுகிச் சத்தம் மாறும், அதைப் பார்த்துத் தெளிக்க மேடைக்குப் பின்னால் ஓர் ஆள் வேண்டும். மின்சாரம் போனால் இந்த எழுத்தே இல்லை. தனி இணைப்பும் ஜெனரேட்டரும் உறுதியான பிறகுதான் ஸ்கிரிப்டுக்கு ஒப்புதல்.

இதற்கு முன்பே கொலை நடந்துவிடக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது, அது வாசல். மண்டபத்து வாசலில் பத்தடி ஃபிளெக்ஸில் புதிய கிரைண்டரின் படத்தைப் போட்டு, பெயரையும் எழுதி வைத்துவிடுவார்கள். அழைப்பிதழிலும் அதே படம். உள்ளே துணியை விலக்கும்போது கூட்டம் ஏற்கெனவே பார்த்ததைத்தான் பார்க்கும். அன்று ஐபோனை அரை வருடம் முன்னதாகவே ஜாப்ஸ் அறிவித்ததற்குச் சொன்ன காரணமும் இதுதான்: அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் அனுமதிக்கு விண்ணப்பித்தால் விஷயம் பொதுவெளிக்கு வந்துவிடும், ஆணையம் வெளியிடுவதற்கு முன் நாங்களே சொல்லிவிடுகிறோம் என்றார். வாசல் ஃபிளெக்ஸில் நிறுவனத்தின் பெயர், தேதி போதும். குத்துவிளக்கு, வரவேற்பு, பொன்னாடை எல்லாவற்றையும் அறிமுகத்துக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். பின்னால் வைத்தால் அப்போதுதான் ஏறிய சூடு சால்வைகளில் இறங்கிவிடும். சிறப்பு விருந்தினர் துணியை விலக்குவதாக இருந்தால் புகைப்படக்காரர்கள் எந்தக் கோட்டுக்கு அப்பால் நிற்க வேண்டும் என்று தரையில் டேப் ஒட்டி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கூட்டம் பார்ப்பது அவர்களின் முதுகை.

இப்போது வசனம். நிறுவனத்தின் இரண்டாம் தலைமுறைக்காரர் பேசுகிறார் என்று கொள்வோம்.

"எங்கள் அப்பா காலத்தில் வீட்டுக்குப் பின்னால் தனி இடத்தில் கிரைண்டர் இருக்கும். மாவு அரைக்கிறார்கள் என்றால் தெருவுக்கே தெரியும். இப்போது அபார்ட்மென்ட். சமையலறைக்கு அடுத்த சுவர் குழந்தையின் படுக்கையறை. உங்கள் கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது விலை. இரண்டாவது கேட்பது என்ன என்று உங்களுக்கே தெரியும்."

இந்த இடத்தில் பழைய கிரைண்டரை ஓட விடுகிறார்கள். அவர் பேச்சை நிறுத்துவதில்லை. சத்தத்தின் மேல் குரலை உயர்த்திப் பேசிப் பார்க்கிறார், வார்த்தைகள் பாதி கேட்கவில்லை. பதினைந்து வினாடி. பிறகு கையைக் காட்டுகிறார், அது நிற்கிறது. அளவுகோல் கூட்டத்தின் காதிலேயே கொடுக்கப்பட்டுவிட்டது.

"இப்போது கேளுங்கள்."

இரண்டு மூச்சு. எதுவும் கேட்கவில்லை. பெரிய சத்தம் நின்றதும் வருகிற நிம்மதி மட்டும் இருக்கிறது. அந்த அமைதிக்குள்தான் புதிய கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐபோன் மேடையில் பட்டியல் செய்த வேலையை இங்கே மௌனம் செய்கிறது. இந்த மௌனத்துக்கு அர்த்தம் இருப்பதால் யாரும் மைக்கைச் சந்தேகிக்கமாட்டார்கள். முன்வரிசையில் ஓரிரண்டு பேர் கூட்டைப் பார்க்கத் தொடங்கியிருப்பார்கள். அவர் மேஜைப் பக்கம் திரும்பி, துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார்:

"நீங்கள் வந்து உட்கார்ந்ததிலிருந்து இது ஓடிக்கொண்டிருக்கிறது."

"ஓடிக்கொண்டிருக்கிறது" என்ற கடைசிச் சொல்லோடு துணி விலக வேண்டும். அதற்கு முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது. திரையில் அதுவரை வெறும் கறுப்பு ஸ்லைடு. மாடலின் பெயர் துணி விலகி, கைதட்டல் ஓயும்போதுதான் வர வேண்டும்.

ஒரு நேர்மையான சந்தேகம் இருக்கிறது. பெரிய அரங்கில் ஏசி ஓசையிலேயே சின்னச் சத்தங்கள் மறைந்துவிடும். பத்தாவது வரிசையில் இருக்கும் அனுபவமுள்ள டீலர் இதைக் கட்டாயம் நினைப்பார். எனவே துணி விலகிய உடனே மைக்கைக் கழற்றி, முதலில் ஓடும் புதிய கிரைண்டருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும், அடுத்து பழையதை மறுபடி ஓட விட்டு அதே தூரத்தில் வைக்க வேண்டும். இதைச் செய்யத் தைரியம் இல்லாத பொருளென்றால் இந்த ஸ்கிரிப்டை எடுக்கக் கூடாது. நீடித்து உழைக்கும் கல் என்று வேறொரு விஷயத்தைப் பிடித்து வேறு மாதிரி எழுத வேண்டும்.

மறுநாள் ஊர் பேச வேண்டிய வரி இன்னும் பாக்கி. டீலர் தன் கடையில் நின்று, வாங்க வந்த அம்மாவிடம் நடிக்காமல் சொல்லக்கூடியதாக அது இருக்க வேண்டும். "அமைதியின் புதிய அத்தியாயம்" என்று எழுதினால் எந்தக் கடைக்காரரும் வாயில் சொல்லமாட்டார். நான் எழுதுவது இது: "ஓடுதான்னு தொட்டுப் பாருங்க." மூன்றே சொல், பேச்சுத் தமிழ். சத்தம் இல்லை என்று எங்கும் சொல்லவில்லை. சொல்லாமலே புரிகிறது. சொல்கிறவர் கையை நீட்டிக் காட்டினால் வாங்க வந்தவர் கை தானாக மோட்டார் பக்கத்து உடலைத் தொடும், விரலில் அதிர்வு தெரியும்.

மேடையிலும் அதே வரியோடுதான் முடிப்பேன். பேசுகிறவர் முதல் வரிசையில் இருக்கும் வயதான டீலர் ஒருவரை மேலே அழைக்கிறார். "அண்ணா, ஓடுதான்னு தொட்டுப் பாருங்க." அவர் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார். அவர் முகத்தைக் கேமரா பெரிய திரையில் காட்டுகிறது. தொகுப்பாளருக்கு அந்த இடத்தில் ஸ்கிரிப்டில் ஒரு வார்த்தைகூட இல்லை.